ஒரு x போதுமா, y-உம் வேண்டுமா? வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக்கும் வழிகள்

"சார், எல்லாத்தையும் x-லயே போட்டுட்டா ஒரே சமன்பாட்டுல முடிஞ்சுடுதே, எதுக்கு y?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுப்பது வழக்கம். அதுவரை ஒரு மாறியில் சமன்பாடு எழுதியே பழகியவன் அவன். இரு மாறிகள் வந்ததும் பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை, வரைபட முறை என்று தீர்க்கும் வழிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆனால் அவனுக்குச் சிக்கல் தீர்ப்பதில் இல்லை. சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் மளமளவென்று தீர்த்துவிடுவான். கணக்கு நாலு வரித் தமிழாக வந்தால்தான் பேனா நின்றுவிடும்.

ஆகவே இங்கே தீர்க்கும் முறைகளை விட்டுவிடுகிறேன். வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்குப் போகும் வழிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வழிகள் மூன்று. ஒன்று, பையன் சொன்னது போல ஒரே எழுத்து வைத்து மற்றதையெல்லாம் அதிலேயே எழுதுவது. இரண்டு, தெரியாதவை இரண்டென்றால் இரண்டு எழுத்து வைத்து, வாக்கியத்துக்கு ஒரு சமன்பாடு எழுதுவது. மூன்று, முதலில் ஒரு சின்னக் கட்டம் போட்டு நிரப்பி, அதைப் பார்த்துச் சமன்பாடு எழுதுவது. எது நல்லது என்று கேட்டால், கணக்கு விலையா, வயதா, கலவையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

விலையிலிருந்து தொடங்குவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணிதரின் 'கணித சார சங்கிரகம்' நூலில் ஒரு பழக் கணக்கு உண்டு. 1912-இல் இந்த நூல் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் அச்சானது. கணக்கு இதுதான்: 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன?

பையன் தன் வழியில் போனான். நார்த்தம்பழம் ஒன்றின் விலை x. முதல் வாக்கியப்படி 7 விளாம்பழத்தின் விலை 107 − 9x, அப்படியானால் ஒன்றின் விலை (107 − 9x)/7. இதை இரண்டாவது வாக்கியத்தில் வைத்தால்:

```
7x + 9(107 − 9x)/7 = 101
49x + 963 − 81x = 707
−32x = −256
x = 8
```

விடை சரிதான். ஆனால் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவன் இரண்டு முறை அழித்து எழுதினான். முதல் முறை 101-ஐ 7-ஆல் பெருக்க மறந்தான். இரண்டாவது முறை 9-ஐ அடைப்புக்குறிக்குள் இருந்த 107-க்கு மட்டும் பெருக்கிவிட்டு 9x-ஐ அப்படியே விட்டான்.

இரண்டு எழுத்து வைத்தால் வாக்கியம் அப்படியே இறங்கிவிடுகிறது:

```
9x + 7y = 107
7x + 9y = 101
```

இதில் யோசிக்க எதுவும் இல்லை, பார்த்து எழுதியதுதான். எழுதி முடித்துச் சற்று விலகி நின்று பார்த்தால் 9-உம் 7-உம் இடம் மாறியிருப்பது கண்ணில் படும். இரண்டையும் கூட்டினால் 16x + 16y = 208, அதாவது x + y = 13. கழித்தால் 2x − 2y = 6, அதாவது x − y = 3. அப்புறம் மனக்கணக்குதான்: நார்த்தம்பழம் 8, விளாம்பழம் 5. ஒரு எழுத்து வழியில் இந்த அழகு கண்ணுக்கே தெரியாது. ஏனென்றால் முதல் சமன்பாட்டை மனத்துக்குள் எழுதி, மனத்துக்குள்ளேயே y-ஐ நீக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் தாளில் எழுதுகிறோம். பையன் "ஒரே சமன்பாடு" என்று சொன்னது உண்மையில் இரண்டுதான். ஒன்றைத் தாளில் காட்டாமல் விட்டிருக்கிறான், அவ்வளவே. ஆசிரியருக்கு அது தெரியாது, தப்பு நேர்ந்தால் அவனுக்கும் எங்கே நேர்ந்தது என்று தெரியாது.

விலைக் கணக்கில் இன்னொரு குழி இருக்கிறது. அது இரண்டு எழுத்து வைப்பவர்களுக்கே உரியது. "ஒரு பேனாவின் விலை ஒரு பென்சிலின் விலையைப் போல 4 மடங்கு" என்ற வரியை, பேனாவுக்கு x, பென்சிலுக்கு y என்று வைத்துக்கொண்டு, 4x = y என்று எழுதுவார்கள். சின்னப் பிள்ளைகள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜான் கிளமென்ட் என்ற ஆய்வாளர் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம், "இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் எண்ணிக்கை பேராசிரியர்களின் எண்ணிக்கையைப் போல 6 மடங்கு, இதைச் சமன்பாடாக எழுதுங்கள்" என்று கேட்டார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். மாணவர்களின் எண்ணிக்கை S, பேராசிரியர்களின் எண்ணிக்கை P என்றால், தவறுகளில் பெரும்பாலானவை S = 6P என்பதற்குப் பதிலாக 6S = P என்று தலைகீழாக எழுதியவை. 1982-இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

பொறியியல் மாணவருக்குப் பெருக்கல் தெரியாமல் இல்லை. S என்பதை அவர்கள் 'மாணவர்' என்ற சொல்லின் சுருக்கமாகப் படித்துவிட்டார்கள். 6S என்றால் ஆறு மாணவர், அவர்களுக்கு எதிரே P, ஒரு பேராசிரியர். படமாக அது சரி, சமன்பாடாகத் தப்பு. அதனால் நான் "பேனா = x" என்று எழுத விடுவதில்லை. "ஒரு பேனாவின் விலை x ரூபாய்" என்று முழு வரியாக எழுத வேண்டும். அது ஓர் எண், பொருள் அல்ல. எழுதிய பிறகும் ஐயமிருந்தால் ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும். பென்சில் 5 ரூபாய் என்றால் பேனா 20. x = 20, y = 5 என்று 4x = y-யில் போட்டால் 80 = 5 என்று வரும். தப்பு உடனே பல்லிளித்துவிடும்.

விலைக்கு என் தீர்ப்பு இதுதான்: இரண்டு எழுத்து. கட்டம் தேவையில்லை, வாக்கியமே கட்டம் மாதிரிதான் இருக்கிறது.

வயதுக் கணக்கில் கதை மாறுகிறது. இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவின் வயது மகளின் வயதைப் போல 7 மடங்கு. இன்னும் 5 ஆண்டுகளில் அது 3 மடங்காக இருக்கும். இப்போது இருவருக்கும் என்ன வயது?

விலைக் கணக்குப் போல வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்பாவின் இப்போதைய வயது f, மகளின் இப்போதைய வயது d என்று வைத்துக்கொண்டு, f − 5 = 7d என்று எழுதுவார்கள். அப்பாவுக்கு 5 கழித்தாயிற்று, மகளுக்கு மறந்துபோயிற்று. "அப்பா மட்டும் அஞ்சு வருஷம் பின்னாடி போனார், பாப்பா போகலையா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், அடுத்த கணக்கில் மறுபடி அதையே செய்வார்கள். வாக்கியத்தில் காலம் ஒருமுறைதான் வருகிறது, சமன்பாட்டிலோ அது இரண்டு இடத்தில் வர வேண்டும். தப்பின் வேர் அங்கே இருக்கிறது. வாக்கியத்துக்கு ஒரு சமன்பாடு என்ற வழி இங்கே சறுக்குவது அதனால்தான். கட்டம் போட்டால் இந்தத் தப்புக்கு இடமே இல்லை:

| | 5 ஆண்டுக்கு முன் | இப்போது | 5 ஆண்டுக்குப் பின் |
|---|---|---|---|
| அப்பா | f − 5 | f | f + 5 |
| மகள் | d − 5 | d | d + 5 |

முதலில் நடுவில் உள்ள 'இப்போது' பத்தியை நிரப்ப வேண்டும். பிறகு இடப்பக்கம் முழுக்க 5 கழிக்க வேண்டும், வலப்பக்கம் முழுக்க 5 கூட்ட வேண்டும். கட்டம் நிரம்பும்வரை 7 மடங்கு, 3 மடங்கு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. நிரம்பிய பிறகு ஒவ்வொரு மடங்கும் ஒரு பத்திக்குள் மேலும் கீழும் இருப்பவற்றை இணைக்கிறது என்று பார்த்து எழுதினால் முடிந்தது:

```
f − 5 = 7(d − 5)
f + 5 = 3(d + 5)
```

முதலாவது f = 7d − 30 ஆகும், இரண்டாவது f = 3d + 10 ஆகும். இரண்டும் சமம் என்பதால் 4d = 40. மகளுக்கு 10, அப்பாவுக்கு 40. முன்பு 5-உம் 35-உம், பின்பு 15-உம் 45-உம். சரியாக இருக்கிறது.

இங்கே பையனின் ஒரு எழுத்து வழிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 'இப்போது' என்பதை விட்டுவிட்டு, மடங்கு தெரிந்த பழைய காலத்தில் எழுத்தை வைத்தால் அது அருமையாக வேலை செய்கிறது. 5 ஆண்டுக்கு முன் மகளின் வயது x என்றால் அப்பாவின் வயது 7x. அங்கிருந்து மூன்றாவது பத்திக்கு 10 ஆண்டு.

```
7x + 10 = 3(x + 10)
4x = 20
x = 5
```

மூன்றே வரி, அடைப்புக்குறியும் ஒன்றுதான். தேர்வறையில் நானாக இருந்தால் இப்படித்தான் செய்வேன். ஆனால் புதிதாகப் பழகுபவர்களுக்கு இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, 10 என்ற எண் கணக்கில் எங்கேயும் இல்லை, 5-உம் 5-உம் சேர்ந்து வருவது. 5 என்று போட்டுவிட்டால் 7x + 5 = 3(x + 5), x = 2.5. மகளுக்கு இப்போது ஏழரை வயது, அப்பாவுக்கு இருபத்திரண்டரை என்று வரும். பாதி வயது வந்தாலே திரும்பிப் பார்க்க வேண்டும். பள்ளிக் கணக்கில் வயது அநேகமாக முழு எண்ணாகத்தான் இருக்கும். இரண்டாவது கண்ணி இதைவிட மோசம்: x = 5 என்று சரியாகக் கண்டுபிடித்து, அதையே விடை என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவது. கேள்வி இப்போதைய வயதைக் கேட்கிறது. x எந்தக் காலத்து வயது என்று முதல் வரியில் எழுதி வைத்திருந்தால் இது நடக்காது.

எழுத்தே இல்லாமலும் இதைச் செய்யலாம், ஒரு ரசனைக்காகச் சொல்கிறேன். வயது வித்தியாசம் எந்தக் காலத்திலும் மாறாது. 7 மடங்காக இருந்தபோது வித்தியாசம் மகளின் அன்றைய வயதைப் போல 6 பங்கு. 3 மடங்காகும்போது அதே வித்தியாசம் மகளின் அன்றைய வயதைப் போல 2 பங்கு. ஆகவே பின்னைய வயது முன்னைய வயதைப் போல 3 மடங்கு, இடைவெளி 10 ஆண்டு. எனவே 5, 15. எண்கள் இவ்வளவு இணக்கமாக இல்லாத கணக்கில் இது கைகொடுக்காது. ஆனால் சரிபார்க்க நல்ல வழி.

கலவைக் கணக்குக்கு வந்தால் என் பிள்ளைகளில் பாதிப் பேர் முகம் சுருங்கிவிடும். காபித்தூளை வைத்தே பார்ப்போம். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி எடையில் 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவு விதி. எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டிலும் போட்டிருக்கும். ஒரு கடையில் 80 சதவீதம் காபி உள்ள தூளும் 60 சதவீதம் காபி உள்ள தூளும் இருக்கின்றன. வாடிக்கையாளர் ஒருவர் 65 சதவீதம் காபி உள்ள தூள் 2 கிலோ கேட்கிறார். எதில் எவ்வளவு எடுத்துக் கலக்க வேண்டும்?

இரண்டு எழுத்து வைத்து நேராகச் சமன்பாட்டுக்குப் பாய்ந்தவர்கள் எழுதியது இது:

```
x + y = 2
80x + 60y = 65
```

பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! தீர்த்தால் 20x = −55, x = −2.75. எடை கழித்தல் குறியில் வந்துவிட்டது. சமன்பாட்டைத் தீர்த்ததில் தப்பில்லை, எழுதியதில்தான் தப்பு. இடப்பக்கம் இருப்பது சதவீதத்தை எடையால் பெருக்கியது, வலப்பக்கம் இருப்பது வெறும் சதவீதம். கிலோவையும் சதவீதத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைத்திருக்கிறோம். சதவீதங்களைக் கூட்ட முடியாது, எடைகளைத்தான் கூட்ட முடியும். கட்டத்தில் இதற்கென்றே ஒரு பத்தி வைப்பேன்:

| | தூளின் எடை (கிலோ) | காபியின் பங்கு | காபி மட்டும் (கிலோ) |
|---|---|---|---|
| முதல் தூள் | x | 0.80 | 0.80x |
| இரண்டாம் தூள் | y | 0.60 | 0.60y |
| கலவை | 2 | 0.65 | 1.30 |

கடைசிப் பத்தி முதல் இரண்டின் பெருக்கல். கலவை வரிசைக்கும் அந்தப் பெருக்கல் உண்டு, அதுதான் எல்லோரும் விடுவது: 2 × 0.65 = 1.30. இப்போது முதல் பத்தியை மேலிருந்து கீழே கூட்டலாம், கடைசிப் பத்தியையும் கூட்டலாம். நடுப்பத்தியைக் கூட்டக் கூடாது. நான் அதன் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு போடச் சொல்வேன்.

```
x + y = 2
0.80x + 0.60y = 1.30
```

முதலாவதை 0.60-ஆல் பெருக்கினால் 0.60x + 0.60y = 1.20. கழித்தால் 0.20x = 0.10. முதல் தூள் அரைக் கிலோ, இரண்டாம் தூள் ஒன்றரைக் கிலோ. சரிபார்ப்போம்: அரைக் கிலோவில் காபி 400 கிராம், ஒன்றரைக் கிலோவில் 900 கிராம், மொத்தம் 1,300 கிராம். 2,000-இல் 1,300 என்பது 65 சதவீதம்தான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்மார் வீட்டில் இருந்தால் "அலிகேஷன் போடு, பத்து விநாடி" என்பார்கள். 65-க்கும் 60-க்கும் வித்தியாசம் 5, 80-க்கும் 65-க்கும் வித்தியாசம் 15. குறுக்கே மாற்றி வைத்தால் முதல் தூளும் இரண்டாம் தூளும் 5 : 15, அதாவது 1 : 3. இரண்டு கிலோவை அந்த விகிதத்தில் பிரித்தால் அதே விடை. வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் அது விகிதத்தை மட்டும்தான் தரும், மூன்று தூள் கலந்தால் கையை விரித்துவிடும். எந்த எண்ணுக்குக் குறுக்கே எது என்று மறந்துவிட்டால் மீட்டெடுக்கவும் வழியில்லை. கட்டம் போட்டுப் பழகியவருக்கு அது விடை சரிபார்க்கும் கருவி. பழகாதவருக்கு வெறும் மந்திரம்.

கலவையிலும் ஒரு எழுத்து போதுமான இடம் உண்டு. 80 சதவீதத் தூள் 2 கிலோ இருக்கிறது, அதில் வெறும் சிக்கரி சேர்த்து 60 சதவீதமாக்க வேண்டும். சிக்கரி 20-இலிருந்து 40 சதவீதம் ஆகிறது, ஆகவே 2 கிலோவில் 20 சதவீதம், 400 கிராம் சேர்த்தால் போதும் என்று சட்டென்று தோன்றும். தப்பு. சேர்க்கச் சேர்க்க மொத்த எடையும் கூடுகிறதே. இப்படிப்பட்ட கணக்கில் மாறாமல் இருப்பது எது என்று தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே காபி மாறவில்லை, முதலிலும் கடைசியிலும் 1.6 கிலோ. சேர்த்த சிக்கரி x கிலோ என்றால் 0.60(2 + x) = 1.6. 0.60x = 0.4, x ஏறக்குறைய 667 கிராம். சிக்கரியைத் தொடர்ந்து போயிருந்தாலும் இதே விடைதான் வரும், 0.4 + x = 0.40(2 + x) என்று இரண்டு பக்கமும் x-ஐச் சுமந்துகொண்டு.

அந்தப் பையனுக்கு நான் கடைசியில் சொன்ன ஏற்பாடு இது: கலவை என்றால் யோசிக்காமல் கட்டம், பிறகு இரண்டு எழுத்து. வயது என்றால் கட்டம், அதைப் பார்த்த பிறகு ஒரு எழுத்தா இரண்டா என்பது அவன் விருப்பம். விலை என்றால் நேராக இரண்டு எழுத்து.

அவன் விடவில்லை. "சார், அதே ரெண்டு தூளை வச்சு 85 சதவீதத் தூள் ரெண்டு கிலோ கேட்டா?" என்றான். போட்டுப் பார் என்றேன். கட்டம் ஒழுங்காக நிரம்பியது, 2 × 0.85 = 1.70. சமன்பாடுகளும் ஒழுங்காக வந்தன. x = 2.5, y = −0.5. இந்த முறை எழுதியதில் எந்தத் தப்பும் இல்லை. அவன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டரைக் கிலோ போட்டுட்டு, அதுலருந்து அந்த மட்டத் தூள் அரைக் கிலோவை வெளிய எடுக்கணுமா சார்?" என்றான். ஆமாம், ஆனால் கலந்த தூளிலிருந்து அதைப் பிரித்து எடுக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.